ஏழரை நிமிடக் கணக்கு

தென்மாவட்டம் ஒன்றில் அரசு உதவி பெறும் உயர்நிலைப் பள்ளி. பி.டி. மாஸ்டர் என் நண்பர். போன வருஷம் ஜூன் மாதம் தாளாளருக்கு ஒரு கடிதம் எழுதினார். பள்ளியில் விளையாட்டுச் சாமான்கள் பற்றாக்குறையாக இருக்கின்றன, மாணவர் நலன் கருதி 25,000 ரூபாய் ஒதுக்கித் தர வேண்டும் என்று நான்கே வரி. மூன்று வாரம் கழித்து, “நிதிநிலை சரியானதும் பரிசீலிக்கப்படும்” என்ற குறிப்போடு அது திரும்பி வந்தது. பள்ளிக்கூட மொழி தெரிந்தவர்களுக்கு இதன் பொருள் தெரியும்.

தாளாளர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் மளிகை மொத்த வியாபாரி. முழு எண்ணில் ஒரு தொகையை மட்டும் எழுதி நீட்டினால் எந்த வியாபாரியும் பணத்தை எடுக்க மாட்டார். என்ன வாங்கப் போகிறீர்கள், எத்தனை, என்ன விலை, போன தடவை வாங்கியதெல்லாம் எங்கே போயிற்று? இந்த நான்கில் ஒன்றுக்கும் கடிதத்தில் பதில் இல்லை.

இரண்டாவது கடிதத்தை எழுதும் முன் நண்பர் ஒரு காரியம் செய்தார். மைதானத்தில் வாட்சைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஏழாம் வகுப்பில் 40 பேர். பாடவேளை 40 நிமிடம். வகுப்பிலிருந்து வரிசையாக வந்து நிற்க ஐந்து நிமிடம், முடிந்து கைகால் கழுவிப் போக ஐந்து நிமிடம் போனால் மிச்சம் 30 நிமிடம். உயிரோடு இருந்த பந்துகள் இரண்டு: ஒரு வாலிபால், ஒரு கால்பந்து. வகுப்பை இரண்டாகப் பிரித்தால் ஒரு பந்துக்கு 20 பிள்ளைகள். 30 நிமிடத்தை 20 பேருக்குப் பங்கு வைத்தால் ஆளுக்கு ஒன்றரை நிமிடம். மற்ற இருபத்தெட்டரை நிமிடமும் வரிசையில் நிற்பதுதான் அந்தப் பிள்ளையின் உடற்கல்வி. வாலிபாலும் கால்பந்தும் ஐந்தைந்து இருந்தால் ஒரு பந்துக்கு நான்கு பேர். ஆளுக்கு ஏழரை நிமிடம். (ஏழரை என்றால் நம் ஊரில் சனிதான் ஞாபகம் வரும். இங்கே அது நல்ல காலம்.)

கடிதத்தின் உடல் இந்தக் கணக்குதான். அதை அவர் எழுதிய விதம்:

“பொருள்: உடற்கல்விப் பாடவேளைக்குத் தேவையான அடிப்படைச் சாமான்கள் வாங்க ரூ.9,780 அனுமதி வேண்டுதல் – சார்பு.

ஐயா, தற்போது பயன்பாட்டில் உள்ள பந்துகள் இரண்டு. 40 மாணவர் கொண்ட வகுப்பில் ஒரு மாணவர் கையில் பந்து இருக்கும் நேரம் ஒன்றரை நிமிடம். மேலும் எட்டுப் பந்துகள் கிடைத்தால் அது ஏழரை நிமிடமாகும். இருப்புப் பதிவேட்டின் நகல், கழிவு செய்ய வேண்டியவற்றின் பட்டியல், மூன்று கடைகளின் விலைப்புள்ளிகள் இணைக்கப்பட்டுள்ளன.”

பள்ளியில் 480 பிள்ளைகள். 9,780 ரூபாயைப் பங்கு போட்டால் தலைக்கு இருபது ரூபாய் சொச்சம். இந்த ஒரு வரியைச் சேர்க்கச் சொன்னவர் தலைமையாசிரியர். “சார், அவர்கிட்ட மொத்தத்தைச் சொல்லாதீங்க, தலைக்கு எவ்வளவுன்னு சொல்லுங்க” என்றாராம். கடிதமும் தலைமையாசிரியர் வழியாகத்தான் போனது. அவரைத் தாண்டி நேரே தாளாளர் வீட்டுக்குப் போகிற கடிதம், பணம் கிடைத்தாலும் பகையைக் கொண்டுவரும்.

இணைப்புகளில் முக்கியமானது கழிவுப் பட்டியல். நிர்வாகத்துக்கு வரும் முதல் சந்தேகம் சாமான்கள் யார் வீட்டுக்குப் போயின என்பதுதான். பதிவேட்டில் ஒன்பது பந்துகள், கையில் இரண்டு என்றால் மிச்சம் ஏழும் கண்ணால் பார்க்கக் கிடைக்க வேண்டும். நண்பர் கிழிந்த பந்துகளை ஒரு சாக்கில் கட்டித் தலைமையாசிரியர் அறையில் வைத்துவிட்டார். ஏழில் நான்கு தையல் விட்டவை, இரண்டு வால்வு கிழிந்தவை, ஒன்று முள்ளில் போனது.

தையல் விட்டதற்கும் வால்வு கிழிந்ததற்கும் காரணம் உண்டு. பள்ளியில் பம்பு இல்லை. பையன்கள் பந்தைச் சைக்கிள் கடைக்குக் கொண்டுபோய்க் காற்றடிப்பார்கள். வாலிபாலுக்கு வேண்டியது சதுர சென்டிமீட்டருக்கு 0.30 முதல் 0.325 கிலோ அழுத்தம், மிகக் குறைவு. கம்ப்ரசர் ஒரு நொடியில் அதைத் தாண்டிவிடும், தையல் பிரியும். ஊசியை ஈரப்படுத்தாமல் குத்தினால் வால்வு கிழியும். ஆக, 350 ரூபாய்க்குக் கைப்பம்பும் ஊசிகளும் இல்லாததால் ஆறு பந்துகள் போயின. இதையும் கடிதத்தில் எழுதினார். தன் பக்கத்துத் தவற்றையும் சொல்கிற கடிதத்தை நம்பத் தோன்றும்.

விலைப்புள்ளியில் ஒரு பொறி இருக்கிறது. ‘வாலிபால் – 4’ என்று மட்டும் எழுதினால் அலுவலகம் மூன்று கடைகளில் மலிவானதை எடுக்கும். மலிவானது பெரும்பாலும் பொம்மைப் பந்து. சரளைத் தரையில் தையல் பந்தின் மேல்தோல் சீக்கிரம் உரிந்துவிடும். நம் பள்ளி மைதானங்களுக்கு ரப்பர் மோல்டட் பந்துதான் தாங்கும். அதனால் வகையும் எடையும் அளவும் கடிதத்திலேயே இருக்க வேண்டும். வாலிபால் 260 முதல் 280 கிராம், சுற்றளவு 65 முதல் 67 சென்டிமீட்டர். கால்பந்தில் பெரியவர்களின் ஐந்தாம் எண் பந்து 410 முதல் 450 கிராம் இருக்கும். சின்ன வகுப்புகளுக்கு அதைவிடச் சிறிய நான்காம் எண். வாங்கும்போது மளிகைக்கடைத் தராசில் வைத்தால் தெரிந்துவிடும். பந்தைச் சுழற்றி மேலே வீசிப் பாருங்கள். தள்ளாடினால் உருண்டை சரியில்லை.

அரசுப் பள்ளிகளில் நிலைமை வேறு. 2018-ல் வந்த ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் விளையாட்டுச் சாமான்களுக்கென்றே ஆண்டுக்குத் தொடக்கப் பள்ளிக்கு 5,000, நடுநிலைக்கு 10,000, உயர்நிலை மற்றும் மேல்நிலைக்கு 25,000 ரூபாய் வரை விதி உண்டு. நண்பருக்கு இருந்த வழி தாளாளர் ஒருவர்தான்.

காலமும் பார்க்க வேண்டும். குறுவட்டப் போட்டிகள் பள்ளி திறந்த ஓரிரு மாதத்தில் தொடங்கிவிடும். ஜூனில் எழுதினால் அனுமதி, கொள்முதல் எல்லாம் முடிவதற்குள் பிள்ளைகள் பயிற்சி இல்லாமல் போய் முதல் சுற்றிலேயே தோற்றுத் திரும்புவார்கள். இந்த முறை கடிதம் மார்ச்சிலேயே போனது.

பட்டியலை நண்பர் இரண்டாகப் பிரித்திருந்தார். ‘அ’ பிரிவில் எட்டுப் பந்துகள், வலை, பம்பு, தடம் குறிக்கும் 20 கூம்புகள்: 6,850 ரூபாய். ‘ஆ’ பிரிவில் 20 ஸ்கிப்பிங் கயிறுகள், குண்டு, அளவு நாடா, தொடர் ஓட்டக் கட்டைகளும் விசில்களும்: 2,930 ரூபாய். கேட்டது முழுதும் கிடைக்காது என்பது அவருக்குத் தெரியும். எதை வெட்டுவது என்ற முடிவை நிர்வாகத்திடம் விட்டால் முதலில் பந்தை வெட்டுவார்கள், அதுதான் தொகையில் பெரியது.

ஏப்ரலில் 7,000 ரூபாய் அனுமதி வந்தது. ‘அ’ பிரிவை அப்படியே வாங்கினார். ஒவ்வொரு பந்திலும் அழியாத மையால் எண் போட்டு, பதிவேட்டில் பக்க எண்ணோடு ஏற்றி, ரசீதின் பின்னால் அந்தப் பக்க எண்ணைக் குறித்து அலுவலகத்தில் கொடுத்தார். கூடவே மீதி 150 ரூபாயும். எழுத்தர் அதை எந்தக் கணக்கில் வரவு வைப்பது என்று தெரியாமல் தலைமையாசிரியர் அறைக்கு எழுந்து போனாராம்.