பத்து பத்து காட்டும் கடிகாரமும் கன்னம் சிவந்த மாம்பழமும்

படம் வரையும் ஏ.ஐ. கருவி ஒன்றிடம் "ஆறு இருபத்தைந்து மணி காட்டும் கைக்கடிகாரம்" என்று கேட்டுப் பாருங்கள். பல மாடல்கள் பத்து பத்து காட்டும் கடிகாரத்தைத்தான் தரும். மறுபடி கேட்டாலும், திட்டிக் கேட்டாலும் பெரும்பாலும் அதே பத்து பத்துதான். புதிதாக வந்தவை ஓரளவு தேறியிருக்கின்றன என்றாலும் இந்தப் பழக்கம் முழுதாகப் போய்விடவில்லை.

கைக்கடிகார ஆலை உள்ள ஓசூரில் இதற்கான காரணத்தைச் சொல்லப் பலர் இருப்பார்கள். கடிகார விளம்பரங்களில் முட்கள் பத்து பத்தில்தான் நிற்கும். இரண்டு முள்ளும் இருபுறமும் சமமாக விரிந்து, பன்னிரண்டுக்குக் கீழே உள்ள கம்பெனிப் பெயரை மறைக்காமல் இருக்கும் என்பதால் வந்த வழக்கம் அது. ஏ.ஐ. கற்றுக்கொண்ட கடிகாரப் படங்களில் பெரும்பாலானவை விளம்பரப் படங்கள். வெறும் இரைச்சலாக, புள்ளிப்புள்ளியாக இருக்கும் ஒரு பரப்பில் தொடங்கி, படிப்படியாக இரைச்சலை நீக்கிக்கொண்டே அது படத்தை உருவாக்குகிறது. ஒவ்வொரு படியிலும், கேட்ட சொற்களோடு சேர்த்துத் தான் அதிகம் பார்த்த உருவத்தின் பக்கமே சாய்கிறது. அபூர்வமாகப் பார்த்தது மங்கலாக வரும், அடிக்கடி பார்த்தது அழுத்தமாக வரும்.

வணிகப் படங்களைச் சரிபார்ப்பவர் முதலில் மனதில் வைக்க வேண்டியது இந்தச் சாய்வைத்தான். ஆறு விரல் இருக்கிறதா என்று கையை எண்ணுவது அப்புறம் செய்யலாம்.

பாரூர், போச்சம்பள்ளி, காவேரிப்பட்டணம் வட்டாரத்து மாந்தோப்புகளிலிருந்து மாங்கூழ் தொழிற்சாலைகளுக்குப் போகும் காயில் பெரும்பங்கு பெங்களூரா ரகம். நீளமான உடம்பு, நுனியில் கிளிமூக்கு, பழுத்தாலும் பச்சை கலந்த மஞ்சள். ஆனால் "மாம்பழம்" என்று மட்டும் கேட்டால் உருண்டையாக, ஒரு கன்னம் சிவந்து, மேலைநாட்டு சூப்பர்மார்க்கெட் அடுக்கிலிருந்து எடுத்தது போன்ற பழமே பெரும்பாலும் வரும். கிருஷ்ணகிரிக்காரர் அதைப் பார்த்ததும் சிரித்துவிடுவார். டெல்லியில் பாட்டிலை வாங்குபவர் நம்பிவிடுவார். சிரிப்பவரை வைத்துச் சரிபார்ப்பதுதான் முதல் வேலை. அதாவது அந்தச் சரக்கைத் தினமும் கையில் தொடும் ஒருவர், தோட்டக்காரரோ ஆலையின் தரக்கட்டுப்பாட்டுக்காரரோ, படத்தைப் பார்த்தாக வேண்டும். டிசைனரின் கண் அழகைப் பார்க்கும், ரகத்தைப் பார்க்காது.

ஒரு மாதிரி வேலையை எடுத்துக்கொள்வோம். 200 மி.லி. மாம்பழ பானம், அதில் மாங்கூழ் 12 சதவீதம். பழ பானம் என்று சொல்லிக்கொள்ள எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. விதிப்படி குறைந்தது 10 சதவீதம் பழம் வேண்டும் (எலுமிச்சைக்கு 5), ஆகவே சரக்கில் குறையில்லை. விளம்பரத்துக்கு ஏ.ஐ. தந்த படம் இது: பாதியாக வெட்டிய பழத்திலிருந்து கெட்டியான சாறு தாரையாக நேரே பாட்டிலுக்குள் விழுகிறது, பின்னால் பனி படிந்த தோப்பு. ஒரு சொல்கூட எழுதவில்லை. ஆனால் படம் பேசிவிட்டது. பாட்டிலில் இருப்பது பழத்தைப் பிழிந்த சாறு மட்டும்தான் என்கிறது அது. மீதி 88 சதவீதத்தில் இருக்கும் தண்ணீருக்கும் சர்க்கரைக்கும் அந்தப் படத்தில் இடமே இல்லை.

2024 ஜூனில் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ., அடர்சாற்றில் தண்ணீர் கலந்து மறுபடி தயாரிக்கும் சாறுகளின் லேபிளிலும் விளம்பரத்திலும் "100 சதவீதம் பழச்சாறு" என்று போடக் கூடாது என்று உத்தரவிட்டது. அச்சடித்துக் கையில் இருந்த உறைகளைத் தீர்க்க அந்த ஆண்டு செப்டம்பர் 1 வரை கெடு தந்தது. நம் மாதிரிப் படம் அதே வாசகத்தை எழுத்தில்லாமல் சொல்கிறது. ஓரத்தில் பொடியாக "படம் சித்திரிப்புக்கு மட்டுமே" என்று போட்டுவிட்டால் தப்பிக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூனில் வெளியிட்ட வழிகாட்டுதல் அதற்கு இடம் தரவில்லை. பின்குறிப்பு முதன்மைக் கூற்றை விளக்கலாம், அதற்கு முரணாகப் பேசி அதைத் திருத்த முடியாது. ஆகவே மாற்ற வேண்டியது படத்தைத்தான். தாரையை எடுத்துவிட்டு, முழுப் பழத்தைப் பக்கத்தில் வைத்து, பானத்தை அது உண்மையில் இருக்கும் கெட்டியில், கண்ணாடி டம்ளரில் காட்டினால் போதும். முடிந்தால் டம்ளரை மட்டும் நிஜமாகவே போட்டோ எடுத்து ஒட்டிவிடலாம். ஐந்து நிமிட வேலைதான்.

இதைவிடப் பெரிய பொய் பின்னணியில் ஒளிந்திருக்கும். பளபளக்கும் எஃகுத் தொட்டிகள், வெள்ளைக் கோட்டு போட்டவர்கள், கீழே "எங்கள் ஆலை". அந்த ஆலை எங்குமே இல்லை. எழுத்து எதையும் மாற்றாமல் இந்தப் படத்தை அனுமதிக்கும் அதிகாரி யாரும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இனி, இன்னொரு கம்பெனியின் சாயல் விழும் விஷயம். இதற்கு மைசூரில் நடந்த ஒரு வழக்கு உண்டு. பார்லே கம்பெனியின் குளுக்கோ பிஸ்கட் உறையில் ஒரு பண்ணைவீடு, நடுவில் வாளியோடு ஒரு பெண், சுற்றிலும் பசுக்களும் கோழிகளும். மைசூரைச் சேர்ந்த ஜே.பி. அண்ட் கோ என்ற நிறுவனத்தின் பிஸ்கட் உறையிலும் ஒரு பெண், சுற்றிலும் பசுக்கள், கோழிகள், பின்னால் பண்ணைவீடு. ஆனால் இவள் தலையில் வைக்கோல் கட்டு, கையில் அரிவாள். பார்லே தொடுத்த வழக்கு கீழ்க் கோர்ட்டிலும் மைசூர் ஹைகோர்ட்டிலும் தோற்றது. வித்தியாசங்கள் கண்ணுக்குத் தெரியத்தானே செய்தன! 1972 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பை மாற்றியது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வித்தியாசத்தைப் பட்டியலிடுவது அளவுகோல் இல்லை என்றது. கடைக்காரரிடம் பிஸ்கட் வாங்க வருபவரிடம் இன்னொரு உறை கையில் இருக்காது, அரைகுறை ஞாபகம்தான் இருக்கும். ஒரு நாள் ஒன்றைப் பார்த்தவர் வேறொரு நாள் மற்றதைப் பார்த்தால் அதுவே இது என்று எடுத்துவிடுவாரா என்பதே கேள்வி. எடுத்துவிடுவார் என்று கோர்ட் கருதியது.

இந்தத் தீர்ப்பு பட ஏ.ஐ.க்கு அப்படியே பொருந்துகிறது. வாங்குபவரின் ஞாபகத்தில் நிற்பது நிறம், அமைப்பு, நடுவில் என்ன இருக்கிறது என்பது போன்ற சாரம். இலை எத்தனை, எழுத்து என்ன வடிவம் என்பதெல்லாம் நழுவிவிடும். கருவி தேக்கி வைத்திருப்பதும் அதே சாரம்தான். "மாம்பழ பானப் பாட்டில்" என்றால் அது அதிகம் பார்த்தது சந்தையில் முன்னால் இருக்கும் பிராண்டுகளின் பாட்டில்களை. அந்த மூடி நிறம், வளைவு, எழுத்தின் சாய்வு எல்லாம் கலந்து வரும். பெயர் வேறாக இருக்கும், லோகோ எதையும் திருடியிருக்காது. ஆனால் சட்டம் காக்க நினைக்கும் அதே அரைகுறை ஞாபகத்தை அது எழுப்பிவிடும். இந்தியாவின் 1999 வணிக முத்திரைச் சட்டம் சரக்கின் வடிவம், உறை, நிறச் சேர்க்கை ஆகியவற்றையும் முத்திரை என்றே எடுத்துக்கொள்கிறது.

லோகோவே நேராக விழுந்த சம்பவமும் உண்டு. ஸ்டேபிள் டிஃப்யூஷன் கருவியின் பழைய மாடல்கள் சில படங்களில் கெட்டி இமேஜஸ், ஐஸ்டாக் ஆகிய படக் கம்பெனிகளின் நீர்க்குறியைக் கோணல்மாணலாக வரைந்து தந்தன. 2025 நவம்பரில் லண்டன் ஹைகோர்ட், கெட்டி தொடுத்த வழக்கின் பெரும்பகுதியை ஏற்கவில்லை என்றாலும், நீர்க்குறி வந்த சில படங்களில் வணிக முத்திரை மீறல் நடந்ததாகத் தீர்ப்பளித்தது.

இந்தச் சாயலைப் பிடிப்பது எப்படி? படத்தை வைத்துப் படம் தேடும் தேடுபொறி இங்கே பாதிதான் உதவும். அதே படம் இருந்தால் காட்டும், அதே ஞாபகத்தை எழுப்பும் வேறு படத்தைப் பெரும்பாலும் காட்டாது. பிராண்ட் பெயரை மறைத்து, படத்தை விரல்நுனி அளவுக்குச் சுருக்கி, இந்த வேலையில் சம்பந்தமில்லாத ஐந்து பேரிடம் தனித்தனியாகச் சில விநாடிகள் காட்டி "இது எந்தக் கம்பெனி சரக்கு?" என்று கேட்பதே நேரான வழி. "இது என்ன போல இருக்கிறது?" என்று கேட்காதீர்கள், அது பதிலைத் தூண்டும் கேள்வி. ஒருவர் ஒரு பெரிய பிராண்டின் பெயரைச் சொன்னாலே நின்று யோசிக்க வேண்டும். இரண்டு பேர் அதே பெயரைச் சொன்னால் மூடி நிறத்தையோ நடு உருவத்தையோ மாற்றி மறுபடி காட்ட வேண்டும். மளிகைக் கடைக்காரர் இதற்கு நல்ல ஆள், அவர் கண் நாள் முழுக்க உறைகளைத்தான் பார்க்கிறது. அதோடு அரசின் வணிக முத்திரைத் தேடல் தளத்தில் பானங்களுக்கான 32-ஆம் வகுப்பில் பெயரைத் தேடலாம். உருவத்தைத் தேட அங்கே வியன்னா குறியீடு என்ற வழி உண்டு. பழங்கள் அதில் 5.7-இல் வருகின்றன.

கடைசியாகச் சின்னச் சின்ன குறிகள். பிரபலமான பழைய மாடல் ஒன்று 512 புள்ளி அகலப் படத்தை உள்ளே 64 கட்டங்களாகச் சுருக்கி வைத்துக்கொண்டு வேலை செய்யும். ஒரு கட்டத்துக்கு எட்டுப் புள்ளி. பாட்டில் லேபிளில் 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிம எண் 60 புள்ளி அகலத்தில் வந்தால் ஓர் இலக்கத்துக்கு நாலு புள்ளிதான், அதாவது அரைக் கட்டம். அதனால் கிறுக்கலாக வந்தது, பார்த்ததும் தெரிந்தது. இப்போதைய மாடல்கள் இலக்கங்களை அழகாக எழுதுகின்றன. ஆபத்து கூடியது இதனால்தான். கண்ணுக்கு ஒழுங்காகத் தெரியும் அந்த எண் யாருடையதாகவும் இருக்கலாம். சைவக் குறியும் அப்படியே. விதிப்படி அது பச்சை ஓரமிட்ட சதுரத்துக்குள் நிரம்பிய பச்சை வட்டம், சதுரத்தின் பக்கம் வட்டத்தின் விட்டத்தைப் போல இரு மடங்கு. ஏ.ஐ. வட்டத்துக்குள் வட்டமாக வரைந்துவிடும். தண்ணீர் பாட்டில் என்றால் ஐ.எஸ்.ஐ. முத்திரையைத் தானாகவே சேர்த்துவிடும், உரிமமே வாங்காத சரக்குக்கும்.

ஆகவே சட்டமோ சந்தையோ கேட்கும் எதையும் ஏ.ஐ.யிடம் வரையச் சொல்லக் கூடாது. உரிம எண், சைவக் குறி, ஐ.எஸ்.ஐ., பார்கோடு, நிகர அளவு, விலை எல்லாம் வந்த படத்தில் அழிக்கப்பட்டு, அசல் கோப்பிலிருந்து டிசைனர் கையால் ஒட்டப்பட வேண்டும். பிறகு நானூறு சதவீதம் பெரிதாக்கி, மேலிருந்து கீழாக ஒவ்வொரு மூலையும் பார்க்க வேண்டும். பின்னணி அடுக்கில் நிற்கும் பாட்டில், தொழிலாளியின் சட்டைப் பை, லாரியின் கதவு, இங்கேதான் மற்றவர் சின்னம் ஒளிந்துகொள்ளும். உரிம எண்ணை எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் ஃபோஸ்கோஸ் தளத்தில் போட்டுப் பார்த்து, வரும் பெயர் நம் கம்பெனிப் பெயர்தானா என்று உறுதி செய்ய ஒரு நிமிடம் ஆகாது.

இவ்வளவும் சிலிண்டர் செதுக்க ஆர்டர் போடுவதற்கு முன்னால் நடக்க வேண்டும். பிளாஸ்டிக் உறைகளை கிராவூர் முறையில் அச்சடிக்கும்போது நிறத்துக்கு ஒன்றாகச் சிலிண்டர் செதுக்குவார்கள். அதன் பிறகு தெரியவரும் தவறு, அந்த நிறத்தின் சிலிண்டரை மறுபடி செதுக்கும் செலவோடு வரும். அச்சான பிறகு தெரியவந்தால் உறைகளும் போகும். உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006-இன்படி தவறான லேபிளுக்கு மூன்று லட்சம் ரூபாய் வரையும், தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்குப் பத்து லட்சம் வரையும் அபராதம் விதிக்கலாம். புரூஃபில் கையெழுத்துப் போடுபவர் ஆலை முதலாளியாக இருந்தால், பெங்களூரா பழத்தை அடையாளம் தெரிந்த ஒருவரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வது நல்லது.