ஏரியின் கறையில் ஒரு பிழை

நான் எழுதிய ஒரு கட்டுரையில் இப்படி ஒரு வாக்கியம் இருந்தது: ‘ஏரியின் கறையில் குடியிருந்த அந்த குடும்பங்கள், மழை நின்று மூன்று நாளாகியும் வெள்ளம் வடியாததால், பள்ளிக்கூடத்திலேயே தங்கியது.’ இதில் மூன்று பிழைகள். நாலு முறை படித்தும் ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை. நாமே எழுதியதைப் படிக்கும்போது எழுத்தைப் பார்ப்பதில்லை; சொல்ல நினைத்ததைத்தான் பார்க்கிறோம்.

வாய்விட்டுப் படித்தபோது முதல் பிழை சிக்கியது. கண் தாவிவிடுகிற நீள வாக்கியத்தை நாக்கு ஒவ்வொரு சொல்லாகக் கடந்தாக வேண்டும். ‘தங்கியது’ என்ற இடத்தில் யார் தங்கியது என்று காது கேட்டது. குடும்பங்கள் என்றால் ‘தங்கின’. எழுவாய்க்கும் பயனிலைக்கும் நடுவே மழையும் வெள்ளமும் வந்துவிட்டதால் தொடக்கம் மறந்துபோயிருந்தது. ஆனால் வேகமாகப் படித்தால் வாயே ‘தங்கின’ என்று திருத்திச் சொல்லிவிடும், தாளில் பிழை அப்படியே கிடக்கும். அதனால் விரலைச் சொல்லின் அடியில் வைத்து நகர்த்துகிறேன். வீட்டில் யாராவது படித்துக்காட்டினால் இன்னும் நல்லது. நாம் நினைத்தது அவர்களுக்குத் தெரியாது.

மற்ற இரண்டையும் காது பிடிக்கவில்லை. நம்மில் பலர் பேச்சில் கரையும் கறையும் ஒன்றுதான். எழுத்துப்பிழை காட்டும் மென்பொருளும் உதவாது. கறை என்பதும் சரியான சொல்தானே!

எனவே கட்டுரையை நகலெடுத்து, எழுத்துருவை மாற்றி, அளவைப் பெரிதாக்கி, பத்திரிகைப் பத்தி போலக் குறுகலாக அச்செடுத்தேன். வரிகள் வேறு இடங்களில் உடைந்து, யாரோ எழுதியது போலத் தெரிந்தது. வரியின் நடுவே ஒளிந்திருந்த ‘கறையில்’ இப்போது ஒரு வரியின் முதல் சொல்லாக நின்றது. ஏரிக்கு ஏது கறை?

‘அந்த குடும்பங்கள்’ அதிலும் தப்பியது. இதற்குத் தனிச் சுற்று தேவைப்பட்டது. அந்த, இந்த, எந்த ஆகியவற்றை அடுத்து க, ச, த, ப வரிசை எழுத்து வந்தால் ஒற்று மிகும். தேடல் பெட்டியில் ‘அந்த’ என்று தட்டி ஓர் இடைவெளியும் விட்டுத் தேடினேன். ஒற்றுள்ள ‘அந்தக்’ இதில் அகப்படாது. அகப்பட்டவற்றில் அடுத்த எழுத்தை மட்டும் பார்த்தால் போதும். ‘அந்த மழை’ சரி, ‘அந்த குடும்பங்கள்’ தவறு. இந்தச் சுற்றில் வேறெதையும் படிப்பதில்லை. படித்தால் கதை இழுத்துக்கொண்டு போய்விடும். அடுத்த சுற்று கரை–கறை, பொருத்து–பொறுத்து போன்ற என் சந்தேகச் சொற்களுக்கு. எனக்கு அப்படிப் பத்துப் பன்னிரண்டு உண்டு. உங்கள் பட்டியல் வேறாக இருக்கும்.

வரிசையும் முக்கியம். ஒற்றைத் திருத்திய பிறகு, ‘குடும்பங்கள்’ என்பதைவிட ‘குடும்பத்தினர்’ மேல் என்று மாற்றினேன். ‘தங்கின’ மறுபடியும் தவறானது. ‘தங்கினர்’ என்று திருத்திவிட்டு, அந்தப் பத்தியை மட்டும் மீண்டும் வாய்விட்டுப் படித்தேன்.