தறிப் பழக்கம்: எதைப் பிரிப்பது, எதைச் சேர்ப்பது?

குழித்தறியில் புதிதாக அமரும் இளைஞனுக்கு வேலையைப் பகுதி பகுதியாகக் கற்பிப்பதா, முழுமையாகவே கற்பிப்பதா? 1963-ஆம் ஆண்டில் நெய்லர், பிரிக்ஸ் என்னும் அமெரிக்க ஆய்வாளர் இருவர் இவ்வினாவைப் பொதுவாக ஆராய்ந்தனர். வேலை சிக்கலானதாயினும், அதன் பகுதிகள் ஒன்றையொன்று சார்ந்திருந்தால் முழுமையாகப் பழகுவதே நன்று. தனித்து நிற்பனவாயின் பிரித்துப் பழகலாம் என்பது அவர்கள் கண்ட முடிவு.

இதைத் தறியில் வைத்துப் பார்ப்போம். தார் சுற்றுதலும், அறுந்த இழையை முடிதலும் தறி ஓடாதபோது செய்யும் வேலைகள். அவற்றைத் தனியே பழக்கலாம். மிதித்தல், நாடா ஓட்டுதல், பலகை அடித்தல் ஆகிய மூன்றுமோ ஒரே தாளத்தில் இயங்குவன. பாவு திறந்திருக்கும் கணத்திற்குள் நாடா கடந்தாக வேண்டும். மிதித்தலை மட்டும் ஒரு வாரம் பழகியவன், நாடா சேர்ந்ததும் அக்காலக் கணக்கைப் புதிதாகக் கற்க நேரும். ஆகவே மூன்றையும் பிரியாமல் வேகத்தைக் குறைப்போம். அகலம் குறைந்த பாவும், தடித்த நூலும், சாதா நெசவும் கொடுத்து வேலையை எளிதாக்குவோம்.

நாடா அடிக்கடி பாவில் சிக்குகிறதா? மிதியை அழுத்தியபடியே, நூலில்லாத நாடாவை இருபது முறை ஓட்டச் சொல்லுவோம். தடையின்றிக் கடந்தால் கையில் குறையில்லை. கால் முந்தி மாறுகிறது. அவனுக்கு மூன்றையும் சேர்த்து மெதுவாகச் செய்யும் பழக்கமே தேவை. அப்போதும் சிக்கினால் இழுப்பில் குறை. அதை மட்டும் சிறிது நேரம் தனியே பழக்கி, அன்றே மற்ற இரண்டோடும் இணைத்துவிட வேண்டும்.