பிடரியை நிறுத்தி வையுங்கள், உச்சி வந்து சேரட்டும்

பாய் கட் வைத்திருந்த பெண்ணுக்கு மறுபடி முடி வளர்க்கலாம் என்று தோன்றினால், முதல் வேலையாகப் பார்லருக்கு முழுக்குப் போட்டுவிடுவார். இனி ஒரு நுனிகூடப் போகக்கூடாது என்று வைராக்கியம். இரண்டு மாதம் நன்றாகத்தான் போகும். நான்காவது மாத வாக்கில் பிடரி முடி கழுத்தில் வாலாக இறங்கும், காதுக்கு மேலே இரண்டு பக்கமும் முடி புடைத்துக்கொண்டு நிற்கும், உச்சியோ இன்னும் குட்டையாகவே இருக்கும். தலை கலைந்து கிடக்கிறதா என்று வீட்டில் ஆளாளுக்குக் கேட்க ஆரம்பிப்பார்கள். ஒரு நாள் பொறுக்க முடியாமல் போய் ஒட்ட வெட்டிக்கொண்டு வந்துவிடுவார். அத்தனை மாத வளர்ச்சியும் அன்றோடு போயிற்று.

இதில் முடியின் மேல் குற்றமில்லை. தலையின் எல்லாப் பகுதியிலும் முடி ஏறக்குறைய ஒரே வேகத்தில்தான் வளர்கிறது: மாதத்துக்குச் சுமார் அரை இஞ்ச், வருடத்துக்கு ஆறு இஞ்ச். ஆளுக்கு ஆள் கொஞ்சம் கூடும், குறையும். ஆனால் ஒவ்வொரு பகுதி முடியும் போய்ச்சேர வேண்டிய தூரம் வேறு வேறு. பிடரி முடி முளைப்பதே கழுத்துக்குப் பக்கத்தில், அது இரண்டு இஞ்ச் வளர்ந்தாலே கழுத்தைத் தொட்டுவிடும். உச்சியில் முளைக்கும் முடி மண்டையின் வளைவையெல்லாம் தாண்டி இறங்க வேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இது விளங்கும். சாதாரண பாய் கட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பிடரியில் ஒரு இஞ்ச், காதுக்கு மேலே இரண்டு இஞ்ச், உச்சியில் மூன்றரை இஞ்ச் முடி இருக்கிறது. மோவாய் மட்டத்துக்கு ஒரு பாப் கட் வர வேண்டும் என்பது ஆசை. அதற்குப் பிடரியில் சுமார் மூன்று இஞ்ச் போதும், நான்கு மாதத்தில் வந்துவிடும். காதுக்கு மேலே ஆறு இஞ்ச் வேண்டும், அதற்கு எட்டு மாதம். உச்சி முடி அந்த மட்டத்தைத் தொடச் சுமார் பத்து இஞ்ச் வேண்டும், அதற்குப் பதின்மூன்று மாதம். நான்காவது மாதத்திலேயே வந்துசேர்ந்த பிடரி முடியை வெட்டாமல் விட்டால், மற்றவை வருவதற்குள் அது இன்னும் நாலரை இஞ்ச் கீழே தொங்கும். கண்ணாடியில் நம்மை உறுத்துவது அந்த நாலரை இஞ்ச்தான்.

ஆக, முடி வளர்க்கிற காலத்தில் கத்தரிக்கோலை ஒதுக்கக்கூடாது, பிடரியில் மட்டும் அதைப் பயன்படுத்த வேண்டும். ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை பிடரியில் இறங்கிய முடியை மயிர்க்கோட்டுக்குச் சற்றுக் கீழே எடுத்துவிட்டு, பக்கமும் உச்சியும் நீள விட்டுவிட வேண்டும். நுனியை வெட்டினால் முடி வேகமாக வளரும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. முடி வளர்வது தோலுக்கு உள்ளே, வேரில். நுனியில் நடப்பது வேருக்குத் தெரியாது. இது வடிவத்துக்காகச் செய்யும் வேலை மட்டுமே.

பார்லரில் சொல்லும் விதத்தில்தான் பாதிப் பேர் கோட்டைவிடுகிறார்கள். “லேசா ட்ரிம் பண்ணுங்க அக்கா” என்று சொன்னால், அவர் வழக்கப்படி சுற்றிலும் அரை இஞ்ச் எடுத்துவிடுவார். அந்த அரை இஞ்ச் உங்கள் ஒரு மாத வளர்ச்சி. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போய்ச் சுற்றிலும் ஒரு இஞ்ச் எடுத்துக்கொண்டு வந்தால், எத்தனை வருடமானாலும் அதே பாய் கட்டில்தான் இருப்பீர்கள். “முடி வளர்க்கறேன் அக்கா. பின்னாடி பிடரியில மட்டும் எடுங்க. காதுகிட்டயும் மேலயும் கை வைக்க வேண்டாம்” என்று உட்காரும் முன்பே சொல்லிவிடுங்கள். பிடரியில் மெஷின் போட்டு மேலேறிக் குறைத்துக்கொண்டு போகவும் விடாதீர்கள். கத்தரிக்கோலால் கீழ் விளிம்பை நேராக எடுக்கச் சொல்லுங்கள். அந்த நேர்க்கோடுதான் நாளை பாப் கட்டின் அடிவிளிம்பாகப் போகிறது.

இன்னொன்றிலும் கவனம் வேண்டும். மூன்றாவது, நான்காவது மாதத்தில் காதுக்கு மேல் முடி புடைக்கும்போது, அடர்த்தியைக் குறைக்கிறேன் என்று பற்கள் உள்ள தின்னிங் கத்தரிக்கோலை எடுப்பார்கள். அன்றைக்கு லேசாகத்தான் இருக்கும். ஆனால் வேருக்குப் பக்கத்தில் வெட்டுப்பட்ட முடிகள் வளரும்போது குச்சி குச்சியாக எழுந்து, மேலே கிடக்கும் முடியை வெளியே தள்ளும். போன புடைப்பு இரண்டு மாதத்தில் பெரிதாகித் திரும்பி வரும். அந்தக் குட்டை முடிகள் மற்றவற்றோடு சேரப் பல மாதமாகும். மிக அடர்த்தியான முடியாக இருந்தால், நுனியில் மட்டும் கத்தரிக்கோலைச் செங்குத்தாகப் பிடித்துச் சிறிது கலைத்துவிடச் சொல்லலாம். அதற்கு மேல் வேண்டாம். காதைத் தாண்டி இறங்கும் நீளம் வந்ததும், புடைப்பில் பெரும்பகுதி தன் எடையிலேயே அடங்கிவிடும்.

அதுவரைக்கும் காலையில் கண்ணாடி முன் என்ன செய்வது? தூங்கி எழுந்ததும் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும் முடியைச் சீப்பால் எத்தனை முறை வாரினாலும் படியாது. ஈரத்தில் முடி இளகும், உலரும்போது எந்த நிலையில் இருக்கிறதோ அதையே பிடித்துக்கொள்ளும். இரவில் வியர்த்து, தலையணையில் மடங்கி உலர்ந்த முடி அந்த மடிப்பைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதைப் போக்க மறுபடி ஈரம்தான் வேண்டும். அதுவும் நுனியில் தடவினால் போதாது, வேர்வரை நனைய வேண்டும். தண்ணீரை விரல்களால் வேரில் தடவி, விரும்பும் திசையில் படிய வாரி, மெல்லிய பருத்தித் துண்டை அழுத்தமாகக் கட்டிப் பத்து நிமிடம் விட்டுவிடுங்கள். துண்டால் பரபரவென்று தேய்த்துத் துவட்டினால் முடி எல்லாத் திசையிலும் எழுந்து அப்படியே உலர்ந்துவிடும்.

உச்சிச் சுழியோடு மட்டும் மல்லுக்கட்டாதீர்கள். சுழியில் முடி வேரிலேயே ஒரு திசையில் சாய்ந்து முளைக்கிறது. இரட்டைச் சுழி உள்ளவர்களுக்கு அந்த இடத்தில் முடி நட்டுக்கொண்டு நிற்பது இன்னும் சில மாதம் நீளும். சுழி போகும் திசையிலேயே முடியை விட்டு, வகிட்டை அதற்கேற்ப மாற்றிக்கொள்வதுதான் வழி. நடு வகிடு இந்தக் காலத்தில் பெரும்பாலோர்க்குப் பொருந்தாது. இரண்டு பக்கப் புடைப்பையும் அது சமமாக எடுத்துக்காட்டும். ஒரு பக்கமாக ஆழ்ந்த வகிடு எடுத்தால் மேல்முடி ஒரு பக்கப் புடைப்பின் மேல் விழுந்து மூடிவிடும், மறுபக்கத்தை மட்டும் காதுக்குப் பின்னால் செருகினால் போதும்.

நெற்றி முடி கண்ணில் விழும் காலம் எல்லோருக்கும் வரும். அதையும் வெட்டத் தோன்றும். வெட்டாதீர்கள், நீளம் வந்துசேர அதிக நாளாகும் இடங்களில் அதுவும் ஒன்று. சைடு பின் குத்தும்போது நெளிவுள்ள பக்கம் தலையைத் தொட்டிருக்க வேண்டும், அப்போதுதான் பிடிக்கும். குட்டை முடியில் ஒரு பின் நழுவும். இரண்டைக் குறுக்காகக் குத்தினால் நிற்கும். மூன்று இஞ்ச் தாண்டியபின் வகிட்டிலிருந்து காதுவரை நெற்றி ஓரமாகச் சின்னப் பின்னல் போட்டுச் செருகிக்கொள்ளலாம். ஆனால் இழுத்துப் பின்ன வேண்டாம். நெற்றியோர முடி மெல்லியது. நாள்தோறும் இறுக்கி இழுத்தால் வேர் பலவீனமாகி அங்கே முடி குறையும். கல்யாண வீட்டுக்காகக் குட்டை முடியில் சவுரி வைத்துப் பின்னுகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். அந்த எடை முழுவதையும் ஒரு கைப்பிடி முடிதான் தாங்குகிறது.

நீளமுடிக்கு வைக்கும் அளவு எண்ணெயை இந்த முடி ஏற்காது. கற்றை கற்றையாக ஒட்டி மண்டை தெரியும். தலைக்குக் குளிக்கும் முந்தின நாளில் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். வெளியே கிளம்பும்போது இரண்டு மூன்று சொட்டுத் தேங்காயெண்ணெயை உள்ளங்கையில் தேய்த்து நுனிகளில் மட்டும் தடவினால் போதும்.

சுருட்டை முடிக்காரர்களுக்கு மேலே போட்ட கணக்கு கண்ணுக்கு அப்படியே தெரியாது. முடி அதே அரை இஞ்ச்தான் வளர்கிறது, சுருளுக்குள் மடங்கிக்கொள்வதால் நீளம் வந்ததாகத் தோன்றாது. அவர்களுக்கு முதலில் அகலமும் பிறகுதான் நீளமும் வரும். ஈரமாக இருக்கும்போது ஒரு சுருளை இழுத்து அளந்தால் உண்மை தெரியும். பழனியிலோ திருப்பதியிலோ மொட்டை போட்டு வளர்க்கிறவர்களுக்கும் இதே கதைதான். எல்லா முடியும் ஒரே நீளத்தில் தொடங்கினாலும் பிடரிதான் முதலில் கீழே வந்து நிற்கும். ஐந்தாறு மாதத்தில் பிடரியை ஒருமுறை எடுத்துவிட்டால், வளர்வது ஒரு கட் போலத் தெரியத் தொடங்கும்.

வளர்ச்சி நடக்கிறதா என்ற சந்தேகம் வந்தால், காதுக்கு மேலே ஒரே இடத்தில் மாதம் ஒருமுறை ஸ்கேல் வைத்து அளந்து எழுதிவையுங்கள். நான்கு மாதத்தில் ஒரு இஞ்ச்கூட ஏறவில்லை என்றால், வளர்வது நுனியில் உடைந்துகொண்டிருக்கலாம். உதிரும் முடியைப் பாருங்கள். ஒரு முனையில் சின்ன வெள்ளைக் குமிழ் இருந்தால் அது வேரோடு இயல்பாக உதிர்ந்தது, நாளைக்கு ஐம்பது முதல் நூறு வரை அப்படி உதிர்வது சாதாரணம். குமிழில்லாத குட்டைத் துண்டுகளாக விழுந்தால் அது உடைந்தது. சூடு காட்டி நேராக்குவதையும் சாயத்தையும் நிறுத்திப் பாருங்கள். குமிழோடேயே கொத்துக்கொத்தாக வந்தால் தோல் மருத்துவரிடம் போக வேண்டும்.

பதின்மூன்று மாதம் என்ற கணக்கைக் கண்டு மலைக்க வேண்டாம். அது எல்லா முடியும் ஒரே மட்டத்தில் முடியும் பாப் கட்டுக்கான காலம். லேயர் வைத்த பாப் போதும் என்றால் உச்சி முடி அடிவிளிம்புவரை வர வேண்டியதில்லை, ஏழு இஞ்ச் இருந்தாலே மேல் அடுக்காக அழகாக விழும். நம் கணக்கில் உச்சி ஏழு இஞ்சைத் தொடுவது ஏழாவது மாதத்தில், பக்கம் ஆறு இஞ்சைத் தொடுவது எட்டாவது மாதத்தில். ஆகவே எட்டாவது மாதத்தில் பார்லருக்குப் போகும்போது, இவ்வளவு நாள் வேண்டாம் என்று சொன்ன லேயரை நீங்களே கேட்டு வாங்கலாம். மேல் பாதி முடியை மட்டும் எடுத்துச் சின்னதாகக் கட்ட முடிவதும் அப்போதுதான். மல்லிகைச் சரத்தை இரண்டாக மடித்து அந்தக் கட்டில் செருகினால் நிற்கும். தோள்வரை போக வேண்டும் என்கிறவர்கள் அந்த மாதத்திலிருந்து பிடரியையும் தொடாமல் விட்டுவிடலாம். பக்கமும் பிடரியும் ஒரே விளிம்பில் வந்துவிட்டதால், அதன் பிறகு வாலாக இறங்காமல் சேர்ந்தே நீளும்.