தாளை நீக்கி மையை எடுத்தல்: பி.டி.எஃப். ஆவணங்களுக்கான கையெழுத்துப் படம்

வெள்ளைத் தாளில் போட்ட கையெழுத்தைப் படமெடுத்து, அந்தப் படத்தை அப்படியே பி.டி.எஃப். ஆவணத்தில் வைத்தால் மை மட்டும் வருவதில்லை. அதைச் சுற்றியுள்ள தாளும் ஒரு சாம்பல் கட்டமாகக் கூடவே வரும். கையெழுத்துக்குக் கீழே உள்ள கோடு, பதவிப் பெயர், அலுவலக முத்திரை எல்லாவற்றையும் அந்தக் கட்டம் மறைத்துவிடும். தாளை நீக்கி மையை மட்டும் நிறுத்திய படத்தைத்தான் ஒளிபுகும் பின்னணி கொண்ட படம் என்கிறார்கள்.

கணினித் திரையில் தெரியும் படம் பிக்சல் எனப்படும் சிறு புள்ளிகளால் ஆனது. ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள் உண்டு. ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை இருக்கும். ஒளிபுகும் படத்தில் நான்காவதாக ஆல்ஃபா என்ற எண்ணும் சேரும். ஆல்ஃபா 255 என்றால் அந்தப் புள்ளி முழுமையாகத் தெரியும். 0 என்றால் கண்ணுக்கே தெரியாது. இடைப்பட்ட எண் என்றால் பின்னால் இருப்பதும் அதற்கேற்பக் கலந்து தெரியும். செல்போன் கேமராக்கள் வழக்கமாகச் சேமிக்கும் ஜேபெக் வடிவத்தில் இந்த நான்காவது எண்ணுக்கு இடமில்லை. பி.என்.ஜி. வடிவத்தில் உண்டு. கையெழுத்துப் படத்தை பி.என்.ஜி.யாகச் சேமிக்கச் சொல்வது இதனால்தான்.

தாள் வெள்ளை, மை கறுப்பு. வெள்ளையை அழித்துவிட்டால் வேலை முடிந்தது என்று தோன்றும். சிக்கல் கோட்டின் ஓரத்தில் இருக்கிறது. ஒரு ஸ்கேனில் தாளின் அளவு 220, மையின் அளவு 40 என்று வைத்துக்கொள்ளலாம். கோட்டின் விளிம்பில் உள்ள ஒரு புள்ளியில் பாதி மையும் பாதி தாளும் விழுந்திருந்தால் அதன் அளவு 130 ஆக இருக்கும். அது பார்வைக்குச் சாம்பல் நிறம். வெள்ளையை மட்டும் தேர்ந்தெடுத்து அழிக்கும் கருவி இந்தப் புள்ளியைத் தொடாது. அது சாம்பல் நிறமாகவே தங்கிவிடும். வெள்ளைப் பக்கத்தில் அது உறுத்தாது. இளமஞ்சள் பக்கத்தில் வைத்தால் கையெழுத்தைச் சுற்றி வெளிறிய ஓரம் ஓடும். மாறாக, குறிப்பிட்ட அளவுக்குக் கீழே எல்லாம் கறுப்பு, மேலே எல்லாம் வெறுமை என்று வெட்டினால் ஓரம் போய்விடும். ஆனால் கோடு ரம்பப் பல் போல ஆகிவிடும்.

சரியான வழி, அந்தப் புள்ளியில் மை எவ்வளவு என்று கணக்கிடுவது. தாளுக்கும் புள்ளிக்கும் உள்ள வேறுபாடு 220 கழித்தல் 130, அதாவது 90. தாளுக்கும் மைக்கும் உள்ள வேறுபாடு 180. ஆகவே அந்தப் புள்ளியில் மை சரிபாதி. அதன் நிறத்தை முழு மை நிறமாக மாற்றி, ஆல்ஃபாவைப் பாதியாக, ஏறக்குறைய 128 ஆக வைக்க வேண்டும். அப்போது எந்த நிறப் பக்கத்தில் வைத்தாலும் மீதிப் பாதி அந்தப் பக்கத்தின் நிறத்தையே எடுத்துக்கொள்ளும். நல்ல கருவிகள் எல்லாம் உள்ளே செய்வது இந்தக் கணக்கைத்தான்.

கையெழுத்துப் போடும் தாள் கோடு இல்லாத வெள்ளை ஏ4 தாளாக இருக்க வேண்டும். ஜெல் பேனா சீரான, அடர்ந்த கோட்டைத் தரும். பால்பாயின்ட் பேனா சில இடங்களில் மை விட்டுவிட்டு எழுதும். அந்த வெற்றிடங்கள் பெரிதாக்கும்போது தெரியும். கையெழுத்தை வழக்கமான அளவிலேயே போடுவது நல்லது. தாள் நிறையப் பெரிதாகப் போட்டுவிட்டு ஆவணத்தில் சுருக்கினால் கோடு மெலிந்து, அந்த நபரின் வழக்கமான கையெழுத்துப் போலவே இருக்காது.

ஸ்கேனர் இருந்தால் 600 டி.பி.ஐ. அளவில், வண்ணத்தில் ஸ்கேன் செய்யலாம். அந்த அளவில் 5 சென்டிமீட்டர் அகலக் கையெழுத்து சுமார் 1,180 பிக்சல் அகலம் வரும்; அச்சுக்கு அது தாராளம். கறுப்பு வெள்ளை என்ற ஸ்கேன் முறையைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. அது இடைப்பட்ட சாம்பல் அளவுகளை ஸ்கேன் செய்யும்போதே வெட்டி எறிந்துவிடுவதால், மேலே சொன்ன கணக்குக்கு எதுவும் மிஞ்சாது. செல்போனில் எடுப்பதானால் ஃபிளாஷை அணைத்துவிட்டு, ஜன்னல் வெளிச்சத்தில், தாளுக்கு நேர் மேலே போனைப் பிடித்து எடுக்க வேண்டும்.

செல்போன் படத்தில் பெரும்பாலும் ஒரு பக்கம் வெளிச்சமாகவும் மறுபக்கம் மங்கலாகவும் இருக்கும். தாளின் அளவு இடப்பக்கம் 225, வலப்பக்கம் 160 என்று இருந்தால் ஒரே எல்லையை வைத்து இரண்டையும் நீக்க முடியாது. ஒரு பக்கம் சுத்தமாகும்போது மறுபக்கம் அழுக்குத் திட்டாக நிற்கும். ஜிம்ப் என்ற இலவச மென்பொருளில் இதைச் சரிசெய்யலாம். Layer > Duplicate Layer மூலம் படத்துக்கு ஒரு நகல் எடுத்து, மேலே உள்ள நகலை Filters > Blur > Gaussian Blur கொண்டு கையெழுத்தே அடையாளம் தெரியாத அளவுக்கு மங்கலாக்க வேண்டும். இப்போது அந்த நகலில் மிஞ்சியிருப்பது தாளின் வெளிச்ச ஏற்றத்தாழ்வு மட்டுமே. அதன் Mode பெட்டியில் Divide என்று மாற்றினால் கீழே உள்ள படம் அந்த வெளிச்சத்தால் வகுக்கப்பட்டு, தாள் முழுவதும் ஒரே வெள்ளையாகிவிடும். மங்கலாக்கும் அளவு கோட்டின் தடிமனைப் போலப் பல மடங்கு இருக்க வேண்டும். குறைந்தால் மையின் நிழலும் நகலில் தங்கி, கோட்டின் நடுப்பகுதி வெளுத்துவிடும்.

ஒரு பள்ளியில் இளமஞ்சள் பின்னணியும் நீல முத்திரையும் கொண்ட படிப்புச் சான்றிதழ்களுக்குத் தலைமையாசிரியரின் கையெழுத்துப் படம் தேவை என்று வைத்துக்கொள்வோம். அவர் நீல ஜெல் பேனாவில் போட்ட கையெழுத்து செல்போன் படமாக வருகிறது. வெளிச்சத்தைச் சமன்செய்த பிறகு Layer > Merge Down கொடுத்து இரு அடுக்குகளையும் ஒன்றாக்க வேண்டும். அடுத்து Colors > Levels திறந்து வலது முனை அம்பைச் சற்று இடப்பக்கம் நகர்த்தினால் தாளில் மிஞ்சிய மங்கல் புள்ளிகள் தூய வெள்ளையாகும். பிறகு Layer > Transparency > Color to Alpha சென்று வெள்ளை நிறத்தைக் கொடுத்தால் தாள் மறைந்து சதுரங்கக் கட்டம் தெரியும். அந்தக் கட்டம் படத்தின் பகுதியல்ல; அங்கே எதுவும் இல்லை என்பதற்கான அடையாளம்.

இந்த இடத்தில் ஒரு குறை எட்டிப் பார்க்கும். சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று எண்களில் எதுவும் 0 ஆக இல்லாத எந்த நிறத்திலும் கொஞ்சம் வெள்ளை கலந்திருப்பதாகவே இந்தக் கருவி எடுத்துக்கொள்ளும். அதனால் கோட்டின் ஓரம் மட்டுமல்ல, நடுவே உள்ள மையும் லேசாக ஒளிபுகும். முத்திரைக்கு மேல் வைத்தால் முத்திரையின் எழுத்துகள் மைக்குள்ளே தெரியும். அதே பெட்டியில் உள்ள Opacity threshold அளவை 1-லிருந்து 0.8 அளவுக்குக் குறைத்தால் அடர்ந்த மை முழுமையாக அடைபட்டுவிடும். கடைசியாக Image > Crop to Content கொடுத்து வெற்றிடத்தை வெட்டி, File > Export As மூலம் `.png` என்று சேமிக்கலாம்.

பல பேரின் கையெழுத்துகளை ஒரே மாதிரி தயாரிக்க வேண்டுமானால் இமேஜ்மேஜிக் என்ற இலவசக் கருவியில் ஒரே கட்டளை போதும். வெளிச்சம் சீராக உள்ள ஸ்கேன் படங்களுக்கு இது பொருந்தும்:

```
magick sign.jpg -channel R -separate +channel -level 20%,78% -negate -background "#12256b" -alpha shape -trim +repage -strip sign.png
```

இது படத்தின் சிவப்பு அளவை மட்டும் பிரித்தெடுக்கிறது. நீல மை சிவப்பு ஒளியை விழுங்கிவிடுவதால் அந்த அளவில் மை மிகக் கறுப்பாகத் தெரியும். பார்வைக்கு மங்கலான நீலம்கூட அங்கே துலங்கும். 20%, 78% என்பவை மைக்கும் தாளுக்கும் உரிய எல்லைகள். கோடு உடைந்தால் இரண்டாவது எண்ணைக் கூட்ட வேண்டும். தாளின் புள்ளிகள் மிஞ்சினால் குறைக்க வேண்டும். அடுத்து அந்தக் கறுப்பு வெள்ளை அளவே ஆல்ஃபாவாக மாறி, நிறம் முழுக்க `#12256b` என்ற ஒரே கருநீலமாகிறது. படம் எடுத்த இடம், நேரம் போன்ற மறைவான விவரங்களை `-strip` நீக்கிவிடும்.

படம் சரியாக வந்ததா என்பதை வெள்ளைப் பின்னணியில் பார்த்துச் சொல்ல முடியாது. கையெழுத்துக்குக் கீழே அடர் மஞ்சளோ சிவப்போ நிரப்பிய ஓர் அடுக்கை வைத்து, 300 விழுக்காடு பெரிதாக்கிப் பார்த்தால் வெளிறிய ஓரமும் சிதறிய தூசுப் புள்ளிகளும் உடனே தெரியும். ஓரத்தை வெட்டிய பிறகும் படம் எதிர்பார்த்ததைவிட அகலமாக இருந்தால், மூலையில் எங்கோ ஒரு புள்ளி அழியாமல் நிற்கிறது என்று பொருள். நன்றாக இருந்த படம் மற்றவர் கையில் வெள்ளைக் கட்டமாகவோ கறுப்புக் கட்டமாகவோ மாறியிருந்தால், வழியில் அது ஜேபெக்காகியிருக்கும். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பும்போது இப்படி ஆகும். டாக்குமென்ட்டாக அனுப்பினால் கோப்பு மாறாது.

பி.டி.எஃப்.பில் வைக்க அடோபி ரீடரின் Fill & Sign பகுதியோ, படம் சேர்த்துத் திரும்ப பி.டி.எஃப்.பாக ஏற்றுமதி செய்யும் சோர்னல்++ போன்ற மென்பொருளோ போதும். கையெழுத்தின் அகலத்தை 4 முதல் 5 சென்டிமீட்டருக்குள் வைத்து, மூலையைப் பிடித்து இழுத்தே அளவை மாற்ற வேண்டும். பக்கவாட்டில் இழுத்தால் எழுத்து நீளும். எழுத்தின் அடிப்பகுதி, கையெழுத்துக்கான கோட்டை லேசாகத் தொடும்படி வைப்பதே இயல்பாக இருக்கும். பி.டி.எஃப்.பில் ஒளிபுகும் படங்களுக்கு இடம் கிடைத்தது 2001-இல் வந்த 1.4 பதிப்பில்தான். நெடுங்காலம் காப்பதற்கான பி.டி.எஃப்./ஏ-1 வடிவம் அதை அனுமதிப்பதில்லை; பி.டி.எஃப்./ஏ-2 அனுமதிக்கிறது.

இப்படி வைத்த படம் ஆவணத்துக்குள் தனிப் பொருளாகவே கிடக்கிறது. `pdfimages` போன்ற கருவியால் யாரும் அதை வெளியே எடுத்து வேறு ஆவணத்தில் ஒட்டிவிடலாம். அதனால் மூல பி.என்.ஜி. கோப்பைப் பொதுக் கணினியில் விட்டுவைக்கக் கூடாது.

கையெழுத்துப் படம் வேறு, டிஜிட்டல் கையொப்பம் வேறு. இந்தியாவின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000 சொல்லும் டிஜிட்டல் கையொப்பம், ஆவணத்தின் உள்ளடக்கத்தோடு கணித முறையில் பிணைக்கப்பட்டது. பின்னர் ஓர் எழுத்து மாறினாலும் அது காட்டிக்கொடுத்துவிடும். ஒட்டிய படத்துக்கு அந்தத் திறன் கிடையாது. உயில் போன்ற சில ஆவணங்களுக்கு அந்தச் சட்டமே பொருந்தாது. அவற்றைத் தாளில்தான் எழுதிக் கையெழுத்திட வேண்டும். ஒரே ஆவணத்தில் இரண்டும் தேவைப்பட்டால் முதலில் படத்தை வைத்துவிட்டு, அதன் பிறகே டிஜிட்டல் கையொப்பம் இட வேண்டும். முறை மாறினால், பின்னால் சேர்த்த படத்தையே ஆவணத்தில் செய்த மாற்றமாகக் கருதி, அந்தக் கையொப்பம் செல்லாது என்று மென்பொருள் எச்சரிக்கக்கூடும்.