பம்பு மறுபடி ஓடியபோது கிளம்பிய குளோரின்

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில், காண்ட்ரா கோஸ்டா வட்டாரத்தில், நகராட்சியின் திறந்தவெளி நீர்ப் பூங்கா ஒன்று. 2015 ஜூனில் ஒரு நாள் அங்குள்ள நீச்சல் குளத்தில் ஏறக்குறைய 50 பேர் இருந்தபோது தண்ணீரிலிருந்து நச்சு வாயு கிளம்பியது. 34 பேருக்கு இருமல், வாந்தி, கண் எரிச்சல். அவர்களில் பாதிப் பேருக்கு அவசர மருத்துவக் குழு குளத்தங்கரையிலேயே சிகிச்சை கொடுத்து அனுப்பிவிட்டது. மற்ற 17 பேரையும் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது.

அந்த வட்டாரத்தின் சுகாதாரத் துறையும் அபாய ரசாயனப் பிரிவும் வந்து ஆராய்ந்தபோது தெரிந்தது இதுதான்: தண்ணீரைச் சுழற்றும் பெரிய பம்பு நின்றிருந்த நேரத்தில், மருந்து விடும் கருவியின் கோளாறால் இரண்டு ரசாயனங்கள் குழாய்க்குள் போய்க்கொண்டே இருந்திருக்கின்றன. பம்பை மறுபடி ஓடவிட்டதும், குழாயில் உண்டாகியிருந்த வாயு குளத்துக்கு வந்துவிட்டது.

இது எப்படி நடக்கிறது என்று புரிய, பம்பு அறைக்குள் போக வேண்டும். பொதுக் குளங்களின் பம்பு அறையில் வழக்கமாக இரண்டு பிளாஸ்டிக் தொட்டிகள் இருக்கும். ஒன்றில் சோடியம் ஹைப்போகுளோரைட், அதாவது ‘ஹைப்போ’ என்று நம் ஊர் ஆட்கள் சொல்லும் திரவக் குளோரின். கிருமியைக் கொல்வது இதுதான். ஆனால் ஹைப்போ காரத்தன்மை மிகுந்தது. அதை விடவிடத் தண்ணீரின் pH ஏறும். pH ஏறினால் குளோரின் கிருமியைக் கொல்லும் வேகம் குறையும். pH-ஐ 7.2க்கும் 7.8க்கும் இடையில் இறக்கி வைக்கத்தான் இன்னொரு தொட்டியில் ஹைட்ரோகுளோரிக் ஆசிட். குளத்துக்கு இரண்டும் வேண்டும். ஆனால் இரண்டும் நீர்க்காமல் நேரடியாகச் சந்தித்தால் நடப்பது இது:

```
NaOCl + 2HCl → Cl2 + NaCl + H2O
```

அந்த Cl2தான் குளோரின் வாயு. 12.5 சதவீத ஹைப்போ ஒரு லிட்டர், ஆசிடோடு முழுமையாக வினைபுரிந்தால் 40 லிட்டருக்கு மேல் வாயு தரும். மனித உயிருக்கு உடனடி ஆபத்து என்று அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு நிறுவனம் வகுத்திருக்கும் அளவு, காற்றின் பத்து லட்சம் பங்கில் 10 பங்கு. கணக்குப் போட்டால், அந்த ஒரு லிட்டரிலிருந்து வரும் வாயு 4,000 கன மீட்டர் காற்றை அந்த நிலைக்குக் கொண்டுபோகப் போதும். வீட்டில் ப்ளீச்சிங் பவுடர் போட்ட இடத்தில் கழிவறை ஆசிடை ஊற்றினால் மூச்சு முட்டுவதும் இதே போன்ற வினையால்தான்.

மற்ற நாட்களில் ஏன் ஒன்றும் ஆவதில்லை? சுழற்சிப் பம்பு ஓடும்போது குழாயில் தண்ணீர் வேகமாகப் பாய்கிறது. டோசிங் பம்புகள் அந்த ஓட்டத்தில் ஹைப்போவையும் ஆசிடையும் தனித்தனி இடங்களில் கொஞ்சம் கொஞ்சமாக விடுகின்றன. இரண்டும் நெருங்குவதற்குள் பெருவெள்ளத்தில் கரைந்துபோகின்றன. ஓட்டம் நின்றால் இந்தப் பாதுகாப்பு அப்படியே போய்விடும். அதன் பிறகும் டோசிங் பம்புகள் ஓடினால், நீர்க்காத ஹைப்போவும் நீர்க்காத ஆசிடும் ஒரே குழாய்க்குள் சேர்ந்து கிடக்கும்.

இன்னொரு சிக்கலும் இதில் உண்டு. எவ்வளவு மருந்து விடுவது என்பதை ஒரு கன்ட்ரோலர் தீர்மானிக்கிறது. தண்ணீரில் குளோரின் எவ்வளவு இருக்கிறது என்று அதற்குச் சொல்வது சென்சார். ஓட்டம் நின்றபின் சென்சாரைத் தொட்டு நிற்பது பழைய தண்ணீர். அதில் குளோரின் மெல்லக் குறைய, ‘இன்னும் விடு’ என்று கன்ட்ரோலர் கேட்டுக்கொண்டே இருக்கக்கூடும். குளத்துக்கு ஒரு சொட்டும் போய்ச் சேராததால் அளவு ஏறவும் ஏறாது.

அதனால்தான் பம்பு நிற்கும் நேரத்தைவிட அது மறுபடி கிளம்பும் நேரத்தை நான் அதிகம் அஞ்சுவேன். நின்றிருக்கும்வரை வாயு குழாய்க்குள் அடைபட்டுக் கிடக்கிறது, வெளியே யாருக்கும் எதுவும் தெரியாது. சுவிட்சைப் போட்டதும் மொத்தமும் குளத்துச் சுவரில் உள்ள நீர்வரத்துத் துளைகள் வழியே ஒரே தள்ளாக வருகிறது. குளோரின் காற்றைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு கனமானது. எனவே மேலே எழும்பிக் கலையாமல் தண்ணீர்ப் பரப்பை ஒட்டியே பரவுகிறது. நீந்துபவரின் மூக்கும் வாயும் இருப்பதும் அதே உயரத்தில்தான். மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும் பிள்ளைகள் அதை ஆழமாக உள்ளே இழுத்துவிடுகிறார்கள். காண்ட்ரா கோஸ்டாவில் குளம் திறந்தவெளியில் இருந்தும் நீந்தியவர்கள் பாதிப்பிலிருந்து தப்பவில்லை.

குளத்தில் வழக்கமாக அடிக்கும் ‘குளோரின் வாசனை’ வேறு. வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு சேர்ந்து உண்டாகும் குளோரமைன் அது; எப்போதும் லேசாக இருந்துகொண்டே இருக்கும். இங்கே சொல்லும் வாயு சட்டென்று மூக்கைத் துளைக்கும். நீர்வரத்துத் துளைகளருகே குமிழிகள் கிளம்பலாம், அளவு அதிகமானால் மஞ்சள் கலந்த பச்சை நிறத்தில் புகைபோலத் தெரியலாம். ஒரே பக்கத்தில் இருக்கும் பலர் ஒரே நேரத்தில் இருமத் தொடங்கினால் அதற்கு மேல் காத்திருக்கக் கூடாது. எல்லாரையும் கரையேற்றி, காற்று வீசிவரும் திசை நோக்கி, மேடான இடத்துக்கு அழைத்துப் போக வேண்டும். பள்ளமான இடத்திலும் பம்பு அறைப் பக்கத்திலும் யாரும் நிற்கக் கூடாது. அறைக்குள் என்ன ஆயிற்று என்று பார்க்கத் தனியாக ஓடும் ஊழியர், குளித்தவர்களைவிட மோசமாக மாட்டிக்கொள்ளலாம்.

குளோரின் ஈரமான இடத்தில் பட்டதும் அமிலமாகிறது. கண்ணும் தொண்டையும் மூச்சுக்குழாயும் எரிவது அதனால்தான். கண்களைச் சுத்தமான தண்ணீரால் 15 நிமிடம் கழுவ வேண்டும், நனைந்த உடையை மாற்ற வேண்டும். இதற்கு மாற்று மருந்து கிடையாது. ஆக்சிஜனும் மூச்சுக்குழாயைத் தளர்த்தும் மருந்தும்தான் மருத்துவர் கையில் இருப்பவை. பெரும்பாலோர் சில மணி நேரத்தில் தேறிவிடுவார்கள். ஆனால் அதிகம் சுவாசித்தவர்களுக்கு நுரையீரலில் நீர் கோப்பது சில மணி நேரம் கழித்தும் தொடங்கலாம். வீட்டுக்குப் போன பிள்ளைக்கு இரவில் மூச்சுத் திணறினாலோ இருமல் கூடினாலோ, விடியட்டும் என்று பார்க்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். ஆஸ்துமா உள்ளவர்களைத் தொடக்கத்திலேயே காட்டிவிடுவது நல்லது.

இதைத் தடுக்கும் ஏற்பாட்டுக்கு இன்டர்லாக் என்று பெயர். சுழற்சிப் பம்பு நின்றால் டோசிங் பம்புகளுக்கு மின்சாரமே போகாதபடி இணைத்திருப்பது அது. குழாயில் ஓட்டம் இருக்கிறதா என்று பார்க்கும் ஃப்ளோ சுவிட்ச் ஒன்றும் கூடவே இருக்க வேண்டும். இவையும் கெடும். உப்புப் படிந்து சுவிட்ச் ‘ஓட்டம் இருக்கிறது’ என்ற நிலையிலேயே ஒட்டிக்கொள்ளும். பழுது பார்க்க வந்தவர் டோசிங் பம்பின் பிளக்கைச் சுவரிலுள்ள சாதாரண பாயின்டில் சொருகிவிட்டுப் போயிருப்பார். அன்றிலிருந்து இன்டர்லாக் பெயருக்குத்தான். சோதிக்க ஐந்து நிமிடம் போதும். குளத்தில் யாரும் இல்லாதபோது, டோசிங் பம்புகள் மருந்து விட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில் சுழற்சிப் பம்பை நிறுத்தி, அவற்றையே பார்த்துக்கொண்டிருங்கள். இரண்டும் உடனே நிற்க வேண்டும். ஒன்று தொடர்ந்து துடித்தாலும் அந்த இரண்டின் மின்சாரத்தையும் துண்டித்துவிட்டு, சரிசெய்யும்வரை குளத்தை மூடி வையுங்கள். பழுதாலோ மின்தடையாலோ பம்பு நின்றுபோயிருந்தால், தண்ணீரிலும் கரையோரத்திலும் ஒருவர்கூட இல்லை என்று பார்த்த பிறகே சுவிட்சைப் போடுங்கள்.