வாராவாரம் எத்தனை கன்டெய்னர்?

கிறிஸ்துமஸ் விற்பனைக்கான பனியன் துணிகள் பெரும்பாலும் அக்டோபர், நவம்பரிலேயே ஐரோப்பியக் கடைகளுக்கு வந்துவிட வேண்டும். அதனால் திருப்பூரில் ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் எல்லோரும் ஒரே நேரத்தில் கப்பலில் இடம் தேடுகிறார்கள். தூத்துக்குடியிலிருந்து சிறிய கப்பலில் கொழும்பு போய் அங்கே பெரிய கப்பலுக்கு மாறும் சரக்கு என்றால், இரண்டு கப்பலிலும் இடம் வேண்டும். கொழும்புக்கு வரும் பெரிய கப்பலோ பல நேரம் சீனச் சரக்கோடு நிறைந்து வந்திருக்கும்.

இந்த இடத்தைப் பிடித்துத் தருபவர் ஃபார்வர்டர். கப்பல் கம்பெனி அவருக்கு வாரத்துக்கு இத்தனை கன்டெய்னர் என்று ஒதுக்குகிறது. ஆகவே "ஆகஸ்டில் மொத்தம் ஐந்தாறு கன்டெய்னர் வரும்" என்று சொன்னால் அதை வைத்து அவரால் ஒன்றும் செய்ய முடியாது. வாரக் கணக்குதான் அவருக்குத் தேவை, அதுவும் ஆறு முதல் எட்டு வாரம் முன்பே.

கணக்கு எப்படிப் போடுவது? 60×40×40 செ.மீ. கார்ட்டன் ஒன்று 0.096 கன மீட்டர். 40 அடி உயர (ஹை-க்யூப்) கன்டெய்னரின் உள்ளளவு சுமார் 76 கன மீட்டர் என்றாலும், இடைவெளி போக 67 வரை ஏற்றலாம். அதாவது சுமார் 700 கார்ட்டன். முதல் வாரம் 700, இரண்டாம் வாரம் 1,400 என்றால் சிக்கலில்லை. மூன்றாம் வாரம் 1,000 கார்ட்டன் என்று வையுங்கள். ஒரு 40 அடி போக மீதி 300-க்கு 28.8 கன மீட்டர் வேண்டும். 20 அடி கன்டெய்னரில் 27, 28 ஏற்றுவதே பெரும்பாடு. பத்திருபது கார்ட்டன் வெளியே நிற்கும். நான்காம் வாரம் 500 கார்ட்டன்தான் என்றால் அதை அங்கே தள்ளிவிடலாம். இதைக் காகிதத்திலேயே பார்த்துவிட்டால் கிடங்கு வாசலில் தவிக்க வேண்டியதில்லை.

கடிதம் இப்படி இருந்தால் போதும்:

"ஐயா, ஆகஸ்ட் முதல் வாரம் தூத்துக்குடியிலிருந்து ஹாம்பர்க்குக்கு ஒரு 40 அடி ஹை-க்யூப், இரண்டாம் வாரம் இரண்டு, இவை உறுதி. மூன்றாம் வாரம் ஒரு 40 அடியும் ஒரு 20 அடியும். இதில் 20 அடி சாயப்பட்டறையைப் பொறுத்தது, பத்து நாள் முன்பு உறுதி சொல்கிறோம். நான்காம் வாரம் ஒரு 40 அடி. கட்டணம் எந்தத் தேதி வரை செல்லும், சீசன் கூடுதல் கட்டணம் அதில் சேர்ந்ததா, கொழும்பிலிருந்து எந்தக் கப்பல் என்று தெரிவிக்கவும்."

உறுதியானதையும் சந்தேகமானதையும் பிரித்துச் சொன்னதுதான் இதில் முக்கியம். பயத்தில் ஐந்து கேட்டு மூன்று மட்டும் அனுப்புகிறவர்கள் உண்டு. கடைசி நேரத்தில் ரத்து செய்தால் அபராதம் வரலாம்; அடுத்த முறை அவர் கேட்கும் எண்ணை ஃபார்வர்டரே மனதுக்குள் குறைத்துக்கொள்வார். இப்படி வராமல் போகிறவர்களை எதிர்பார்த்துத்தான் கப்பல் கம்பெனிகளும் இருக்கும் இடத்தைவிட அதிகமாக புக்கிங் எடுக்கின்றன. எல்லோரும் வந்துவிட்டால் சிலருடைய கன்டெய்னர் அடுத்த கப்பலுக்குத் தள்ளப்படும்.

புக்கிங் கைக்கு வந்ததும் கொழும்பிலிருந்து கிளம்பும் கப்பலின் பெயரும் பயண எண்ணும் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். தூத்துக்குடிக் கப்பல் மட்டும் இருந்தால், பெரிய கப்பலில் இடம் உறுதியா என்று அன்றே கேட்டுவிடுங்கள்.